16-க்குப் பக்கத்தில் 1: நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்களை அடுக்குவது எப்படி?

வீட்டில் பழைய வார இதழ் ஏதாவது கிடந்தால் எடுத்து நடுப்பக்கத்தைத் திறங்கள். மடிப்பில் இரண்டு பின்கள் தெரியும். அவற்றின் கால்களை நிமிர்த்திவிட்டு மேலே இருக்கும் தாளை மட்டும் உருவுங்கள். அது 96 பக்க இதழ் என்றால், உங்கள் கையில் இருக்கும் தாளில் 48, 49 இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். அதுவரை சரி. தாளைத் திருப்பினால் இடப்பக்கம் 50, வலப்பக்கம் 47. அடுத்த தாளை உருவினால் 46-க்குப் பக்கத்தில் 51. இப்படியே போய்க் கடைசியாகக் கையில் மிஞ்சும் வெளித்தாளில் 96-ம் 1-ம் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுத்தாளின் உட்புறத்தைத் தவிர வேறெங்கும் அடுத்தடுத்த இரண்டு பக்கங்கள் தாளில் அருகருகே இல்லை. ஆனால் எல்லாவற்றையும் பழையபடி செருகி மடித்தால் 1, 2, 3 என்று ஒழுங்காக வாசிக்க முடிகிறது.

கணினியில் தயார் செய்த கோப்பில் பக்கங்கள் வாசிக்கும் வரிசையில் இருக்கின்றன. தாளில் அவை மடிப்பின் வரிசையில் இருக்க வேண்டும். முதல் வரிசையை இரண்டாவதாக மாற்றுவதுதான் பக்க அடுக்கு. பல அச்சு நிரல்களில் `Booklet` என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் மாற்றிக் கொடுத்துவிடும். அப்புறம் எதற்கு இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், பொத்தான் கொடுத்தது சரியா என்று நூறு பிரதி ஓடிய பிறகு பார்ப்பதைவிட ஒரு பிரதியில் பார்ப்பது மலிவு. எதைப் பார்ப்பது என்று தெரிந்திருந்தால்தான் அது முடியும்.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை கொண்டுபோவோம். மார்கழி பஜனைக்கு ஒரு பாட்டுப் புத்தகம். A4 தாளை நடுவில் மடித்தால் வரும் A5 அளவு. அட்டைப் பக்கம், பாடல்கள், பின்னட்டை எல்லாம் சேர்த்து 14 பக்கம் தேறியிருக்கிறது. 100 பிரதி வேண்டும்.

நான்கின் மடங்கு

ஒரு தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம் கிடைக்கும்: முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு. மூன்று பக்கத் தாள் என்று ஒன்று கிடையாது. எனவே இப்படி மடிக்கிற புத்தகம் எதுவானாலும் 8, 12, 16, 20 என்று நான்கு நான்காகத்தான் வளரும். நம் 14 பக்கம் 16 ஆகியே தீரும். அதாவது நான்கு தாள்.

மீதி இரண்டு வெற்றுப் பக்கங்களை எங்கே வைப்பது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். நாம் விட்டுவிட்டால் மென்பொருள் இரண்டையும் கடைசியில் சேர்த்துவிடும். அப்போது பின்னட்டைக்காக வடிவமைத்த பக்கம் 14-ஆம் இடத்துக்குப் போய்ப் புத்தகத்துக்குள் ஒளிந்துகொள்ளும். வெளியே தெரியும் 16-ஆம் பக்கம் வெள்ளையாக இருக்கும். முதல்முறை செய்பவர்களிடம் அதிகம் பார்க்கும் கோளாறு இது. வெற்றுப் பக்கம் 2-ஆகவும் 15-ஆகவும் வருவதுதான் பார்க்க நன்றாக இருக்கும், அதாவது முன்னட்டையின் உட்புறமும் பின்னட்டையின் உட்புறமும். இதைப் பக்க அடுக்குக்குப் போகும் முன்பே மூலக் கோப்பில் செய்துவிடுங்கள். முதல் பக்கத்துக்குப் பின் ஒரு வெற்றுப் பக்கம், கடைசிப் பக்கத்துக்கு முன் ஒரு வெற்றுப் பக்கம், மொத்தம் 16. அதற்குப் பிறகு கோப்பில் எதையும் நுழைக்கவோ நீக்கவோ கூடாது.

இங்கே ஒரு குழப்பம் வரும். பலர் அட்டையை எண்ணாமல், முதல் பாடல் வரும் பக்கத்துக்கு 1 என்று எண் போட்டிருப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் இந்தக் கட்டுரையில் 1 என்றால் கோப்பின் முதல் பக்கம், அதாவது முன்னட்டை. தாளின் அடியில் என்ன எண் அச்சாகிறது என்பது மடிப்புக்குத் தெரியாது.

முதலில் ஒரு டம்மி

அச்சகங்களில் எந்தப் புது வேலைக்கும் முதலில் ஒரு டம்மி போடுவார்கள். பழைய தாள் நான்கை எடுத்து ஒன்றாக அடுக்கி நடுவில் மடியுங்கள். புத்தகம்போல இடப்பக்கம் மடிப்பு இருக்கும்படி வைத்துக்கொண்டு, பென்சிலால் மேல் முகத்தில் 1 என்று எழுதுங்கள். புரட்டி 2, எதிரே 3, புரட்டி 4 என்று 16 வரை எழுதிக்கொண்டே போங்கள். பிறகு தாள்களைப் பிரித்து விரித்து வைத்தால், எந்த எண் எந்தத் தாளில் எந்தப் பாதியில் இருக்க வேண்டும் என்பது கண்ணெதிரே இருக்கும். எந்தச் சூத்திரமும் வேண்டாம். 16 பக்கத்துக்கு அது இப்படி வரும்:

| தாள் | முன்புறம் (இடது, வலது) | பின்புறம் (இடது, வலது) |
|---|---|---|
| முதல் தாள் (வெளியே) | 16, 1 | 2, 15 |
| இரண்டாம் தாள் | 14, 3 | 4, 13 |
| மூன்றாம் தாள் | 12, 5 | 6, 11 |
| நான்காம் தாள் (நடுவே) | 10, 7 | 8, 9 |

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒரே முகத்தில் அருகருகே இருக்கும் இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வருகிறது. 16+1, 2+15, 14+3, கடைசியில் 8+9. மொத்தப் பக்கத்தோடு ஒன்றைச் சேர்த்தால் வரும் எண் அது. 12 பக்கப் புத்தகத்தில் 13 வரும், 96 பக்க வார இதழில் 97 வரும். காரணம் எளிது. வெளித்தாளின் ஒரு பாதி புத்தகத்தின் தொடக்கம், மறு பாதி முடிவு. முன்பக்கமிருந்து ஓர் அடி உள்ளே போனால் பின்பக்கமிருந்தும் ஓர் அடி உள்ளே வருகிறோம். ஒன்று கூடும்போது மற்றது குறைவதால் கூட்டுத்தொகை மாறுவதில்லை.

இரண்டாவதாக, ஒற்றைப்படை எண்கள் எல்லாம் வலப்பக்கம், இரட்டைப்படை எல்லாம் இடப்பக்கம். இடமிருந்து வலமாக வாசிக்கும் எந்த மொழிக்கும் இப்படித்தான். உருது, அரபு நூல்களுக்கு மடிப்பு வலப்பக்கம் வருவதால் எல்லாம் இடம் மாறும். அடோபி ரீடரின் அச்சுப் பெட்டியில் `Binding` என்ற இடத்தில் `Left`, `Right` என்று தெரிவுகள் இருப்பது அதற்காகத்தான். தமிழுக்கு `Left`.

மூன்றாவது விஷயம்தான் முக்கியம், அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 1-க்கு நேர் பின்னால் 2 இருக்கிறது. 3-க்குப் பின்னால் 4. 16-க்குப் பின்னால் 15. ஒரே காகிதப் பாதியின் இரண்டு முகங்களிலும் அடுத்தடுத்த எண்கள் இருக்க வேண்டும். கூட்டுத்தொகை 17 என்பது ஒரு முகத்துக்கான சோதனை மட்டுமே. முன்புறம் 16, 1 என்றும் அதன் பின்புறம் 8, 9 என்றும் அச்சானால்கூட இரண்டு முகத்திலும் கூட்டுத்தொகை 17-தான். ஆனால் முதல் பக்கத்தைப் புரட்டியதும் எட்டாம் பக்கத்தில் போய் நிற்பீர்கள். எனவே இரண்டையும் பார்க்க வேண்டும்: பக்கவாட்டில் கூட்டினால் 17, முன்னும் பின்னும் அடுத்தடுத்த எண். இந்த இரண்டும் எல்லாத் தாளிலும் சரியாக இருந்து, ஒற்றைப்படை வலப்பக்கம் இருந்தால், புத்தகம் தவறாக வர வழியில்லை.

பக்க எண்ணிக்கை பெரிதாக இருந்து, அடுக்கு வரிசையை நீங்களே ஒரு நிரலிலோ விரிதாளிலோ கணக்கிட வேண்டியிருந்தால் இது போதும். N மொத்தப் பக்கம், k வெளியிலிருந்து எத்தனையாவது தாள்:

```
front: left = N - 2k + 2   right = 2k - 1
back:  left = 2k           right = N - 2k + 1
```

கோப்பை A5-இல் தொடங்குங்கள்

அச்சுக்குப் போகும் முன் ஒரு வார்த்தை. A4 அளவில் தட்டச்சு செய்து வைத்திருக்கும் கோப்பையே அப்படியே பாதித் தாளில் அடக்கிவிடலாம் என்று தோன்றும். அடங்கும்தான், ஆனால் எல்லாம் சுமார் 71 விழுக்காட்டுக்குச் சுருங்கும். 12 புள்ளி எழுத்து எட்டரைப் புள்ளியாகிவிடும். மார்கழி விடியலில், கோயில் பிராகாரத்து விளக்கு வெளிச்சத்தில், பாதிப் பேர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பாடும் இடத்தில், அந்தப் புத்தகம் எதற்கும் உதவாது. பக்க அளவை முதலிலேயே A5 என்று வைத்துக்கொண்டு, அதில் 12 அல்லது 13 புள்ளியில் தட்டச்சு செய்யுங்கள். பக்கங்கள் கூடும். கூடட்டும், நான்கின் மடங்குக்குக் கொண்டுவந்துவிடலாம். ஓரங்களில் ஒன்றேகால் சென்டிமீட்டருக்குக் குறையாமல் வெள்ளை விடுங்கள். ஏன் என்று பின்னால் வருகிறது.

அச்சுப் பெட்டியில்

பிடிஎஃப் கோப்பை அடோபி ரீடரில் திறந்து அச்சுக்குக் கொடுத்தால் `Size`, `Poster`, `Multiple`, `Booklet` என்று நான்கு பொத்தான்கள் வரும். கடைசியை அழுத்தினால் முன்னோட்டத்தில் 16-ம் 1-ம் அருகருகே வந்து நிற்கும். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் இதற்கு `Brochure` என்று பெயர். வேர்டில் பக்க அமைப்பில் `Multiple pages` என்ற இடத்தில் `Book fold` என்று தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றும் செய்வது ஒரே வேலைதான்.

இவை எதுவும் இல்லாத இடத்திலும் வழி உண்டு. ஒரு தாளில் இரண்டு பக்கம் என்று வைத்துவிட்டு, எந்தப் பக்கங்கள் வேண்டும் என்று கேட்கும் கட்டத்தில் மேலே உள்ள அட்டவணையை அப்படியே தட்டச்சு செய்யலாம்:

```
16,1,2,15,14,3,4,13,12,5,6,11,10,7,8,9
```

சில நிரல்கள் நாம் கொடுத்த வரிசையை மதிக்காமல் 1, 2, 3 என்று திருத்திக்கொள்ளும். முன்னோட்டத்தில் முதல் முகத்தில் 16-ம் 1-ம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

செராக்ஸ் கடையில் கொடுத்து அச்சடிப்பதாக இருந்தால், பக்கங்களை ஏற்கெனவே அடுக்கிய கோப்பா, வாசிக்கும் வரிசையில் இருக்கும் கோப்பா என்பதைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். நாம் அடுக்கிக் கொடுத்ததை அவர் மறுபடி `Booklet` என்று அடுக்கினால் A4 தாளில் நான்கு குட்டிப் பக்கங்கள் வந்து நிற்கும். என் அபிப்பிராயத்தில், வாசிக்கும் வரிசையில் ஒன்றும் அடுக்கியது ஒன்றுமாக இரண்டு கோப்பையும் பெயரிலேயே வித்தியாசம் தெரியும்படி எடுத்துப்போவது நல்லது.

தாளின் பின்புறம்

கோளாறுகளில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது. முன்புறம் எப்போதும் ஒழுங்காக வந்துவிடும். அதற்குப் பின்னால் எது, எந்தத் திசையில் விழுகிறது என்பதில்தான் வேலை கெடும்.

இருபுறமும் தானே அச்சடிக்கும் இயந்திரங்கள் ஒரு கேள்வி கேட்கும்: `Flip on long edge`, `Flip on short edge`. தாளின் எந்த விளிம்பைப் பிடித்துத் திருப்புவது என்பது பொருள். வழக்கமான A4 கடிதத்தை நெட்டாக வைத்து வாசிக்கிறோம்; நீண்ட விளிம்பு இடப்பக்கம் இருக்கும், அதைப் பிடித்துத் திருப்புகிறோம். அதனால் இயந்திரம் பெரும்பாலும் நீண்ட விளிம்பைத்தான் முதலில் காட்டும். நம் தாளோ படுக்கையாக இருக்கிறது. நீண்ட விளிம்புகள் மேலும் கீழும், குட்டை விளிம்புகள் இடமும் வலமும். புத்தகத்தைப் புரட்டுவது இடவலமாக. ஆகவே நமக்கு வேண்டியது `Flip on short edge`. நீண்ட விளிம்பில் விட்டுவிட்டால் தாள் கீழிருந்து மேலாகத் திரும்பிப் பின்புறம் முழுக்கத் தலைகீழாக அச்சாகும்.

இருபுறம் அடிக்கும் வசதி இல்லாத வீட்டு இயந்திரத்தில் முதலில் எல்லாத் தாளின் முன்புறத்தையும் அச்சடித்து, கட்டைத் திருப்பி வைத்துப் பின்புறம் அடிக்க வேண்டும். ரீடரில் `Front side only`, `Back side only` என்று தனித்தனியே கேட்கலாம். கட்டை எப்படித் திருப்பி வைப்பது என்பதற்கு எல்லா இயந்திரத்துக்கும் பொருந்தும் விடை கிடையாது. சில இயந்திரங்கள் அச்சான முகம் கீழே இருக்கும்படி தாளைத் தள்ளும், சில மேலே இருக்கும்படி. முதலில் ஒரே ஒரு வெற்றுத் தாளில், மேல் முகத்தில் இயந்திரத்துக்குள் போகும் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பென்சிலால் போட்டு வைத்து ஏதாவது ஒரு பக்கத்தை அச்சடியுங்கள். எழுத்து அம்புக்குறி இருக்கும் முகத்தில் விழுந்ததா, மறுமுகத்திலா, எழுத்தின் தலை அம்பின் எந்தப் பக்கம் என்று பார்த்தால் உங்கள் இயந்திரத்தின் குணம் தெரிந்துவிடும். அதை இயந்திரத்தின் மேலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வைப்பது உத்தமம். அடுத்த மார்கழிக்குள் மறந்துபோகும்.

பின் அடிக்கும் முன், அச்சான முதல் தாளை எடுத்து அட்டைப் பக்கமான 1-ஐப் புத்தகம்போலப் புரட்டிப் பாருங்கள். அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதை வைத்தே எங்கே பிசகு என்று சொல்லிவிடலாம்.

2 நேராக இருந்தால் எல்லாம் சரி. 15 தலைகீழாக இருந்தால் திருப்பும் விளிம்பு தவறு. நீண்ட விளிம்பைக் குட்டை விளிம்பாக மாற்றினால் தீர்ந்தது. 15 நேராகவே இருந்தால் விளிம்பில் தவறில்லை, பின்புற ஜோடி இடம் மாறியிருக்கிறது. கையால் தட்டச்சு செய்யும்போது 2,15 என்பதற்குப் பதில் 15,2 என்று போட்டிருப்பீர்கள். 8 இருந்தால் கட்டில் தாள்களின் வரிசை தலைகீழாகியிருக்கிறது. நான்காம் தாளின் பின்புறம் முதல் தாளின் முதுகில் அச்சாகியிருக்கிறது. கட்டின் வரிசையைக் கீழ்மேலாக மாற்றி மறுபடி அடிக்க வேண்டும். 2-ஏ வந்து அது தலைகீழாக இருந்தால் இரண்டு தவறு ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன: ஜோடியும் மாறியிருக்கிறது, விளிம்பும் மாறியிருக்கிறது. ஒன்றை மட்டும் திருத்திவிட்டு இன்னும் சரியாகவில்லையே என்று திகைக்க வேண்டாம்.

இந்தச் சோதனையில் வெற்றுப் பக்கம் ஒரு தொல்லை. நம் உதாரணத்தில் 2-ம் 15-ம் காலி. முதல் தாளின் பின்புறம் முழு வெள்ளையாக இருக்கும், எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் இரண்டாம் தாளை வைத்துப் பாருங்கள்: 3-க்குப் பின்னால் 4 நேராக வர வேண்டும். இன்னும் பாதுகாப்பாகச் செய்ய நினைத்தால், பக்கத்துக்கு ஒரு பெரிய எண் மட்டும் உள்ள 16 பக்கக் கோப்பு ஒன்றைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புது இயந்திரத்திலும் முதலில் அதை ஓட்டிப் பார்க்கலாம்.

100 பிரதிக்கு 400 தாள். ஒரு ரீமில் 500 இருக்கும், எனவே சோதனைக்குத் தாராளமாகத் தாள் மிஞ்சும்.

மடிப்பும் பின்னும்

அச்சானதும் ஒவ்வொரு பிரதிக்கும் நான்கு தாளை, நடுத்தாளின் 8, 9 மேலே தெரியும்படி அடுக்கி, நீண்ட விளிம்பை மேசையில் தட்டி ஓரம் சேர்த்து, ஒன்றாக மடியுங்கள். சாதாரண 80 ஜிஎஸ்எம் தாளில் நான்கைச் சேர்த்தே மடிக்கலாம். மடிப்பை நகத்தால் தேய்ப்பதைவிட ஸ்கேலின் பட்டையாலோ கரண்டியின் முதுகாலோ அழுத்தினால் கூர்மையாக வரும். முதல் தாளை மட்டும் தடித்த காகிதத்தில் அடிக்க நினைத்தால் தாராளமாகச் செய்யலாம். 16, 1, 2, 15 நான்கும் அந்த ஒரே தாளில் இருப்பதால் அதுவே முழு அட்டையாகிவிடும். இதழ்க்காரர்கள் ரேப்பர் என்று சொல்வது இதைத்தான். ஆனால் தடித்த அட்டையை நேரடியாக மடித்தால் மடிப்பில் மேல்பூச்சு வெடிக்கும். மடிக்கும் முன் மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திவிட வேண்டும். அச்சகத்தில் இதற்கு க்ரீசிங் என்று தனி வேலையே உண்டு.

வீட்டு ஸ்டேப்ளர் தாளின் நடுவுக்கு எட்டாது. மடிப்பு விளிம்பிலிருந்து ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உள்ளே இருக்கிறது. சாதாரண ஸ்டேப்ளரின் வாய் அவ்வளவு நீளமில்லை. நீண்ட கை உள்ள ஸ்டேப்ளர் கடையில் கிடைக்கும். அது இல்லையென்றால், தாள்களை விரித்து அட்டைமுகம் மேலே வரும்படி ஒரு தெர்மாகோல் பலகையில் வைத்து, ஸ்டேப்ளரை முழுவதும் திறந்து மேல் பாகத்தை மட்டும் மடிப்பின் மேல் வைத்து அழுத்துங்கள். பின் தெர்மாகோலில் இறங்கும். மெல்லத் தூக்கித் திருப்பி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால்களை ஸ்கேலால் உட்புறமாக மடித்துவிடுங்கள். பின்னின் முதுகு வெளியேயும் கால்கள் நடுப்பக்கத்திலும் இருக்க வேண்டும். மாறினால் புத்தகத்தைப் பிடிப்பவர் விரலைக் கிழிக்கும். மேலிருந்து சுமார் ஐந்து சென்டிமீட்டரில் ஒன்று, கீழிருந்து அதே அளவில் ஒன்று என இரண்டு பின் போதும். பின் மடிப்புக் கோட்டின் மேலேயே விழ வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால்கூடப் புத்தகம் ஒழுங்காகத் திறக்காது.

உள்தாள் நீட்டிக்கொள்வது

மடித்த பிறகு வலது ஓரத்தைக் கவனித்தால், நடுத்தாள் மற்றவற்றைவிடச் சற்று வெளியே துருத்திக்கொண்டிருக்கும். எல்லாத் தாளும் ஒரே அளவுதான். ஆனால் வெளித்தாள் உள்ளே இருக்கும் மூன்றின் கனத்தையும் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. அதில் அதன் நீளம் செலவாகிவிடுகிறது. நடுத்தாளுக்கு அந்தச் செலவு இல்லை. 80 ஜிஎஸ்எம் தாளின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். ஒரு தாளுக்கு ஏறத்தாழ ஒரு கனம் என்று வைத்துக்கொண்டால், நம் நான்கு தாள் புத்தகத்தில் அரை மில்லிமீட்டர்கூட வராது. வெட்டாமலே விட்டுவிடலாம். 20 தாள், அதாவது 80 பக்கம் என்றால் ஓரம் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குக் கூரைபோலச் சரிந்து நிற்கும்.

அப்போது ஓரத்தைக் கட்டிங் இயந்திரத்தில் நேராக வெட்டுவார்கள். வெட்டினால் பார்வைக்கு அழகாகிவிடும், ஆனால் நடுப்பக்கங்களின் அகலம் அட்டையைவிடக் குறைந்திருக்கும். ஓரத்தை ஒட்டிப் பக்க எண் போட்டிருந்தால், அட்டைப் பக்கம் அது பத்திரமாக இருக்கும், நடுப்பக்கம் போகப் போக விளிம்பை நெருங்கி, சில சமயம் பாதி எண் வெட்டுப்பட்டுவிடும். ஓரத்தில் தாராளமாக வெள்ளை விடச் சொன்னது இதற்காகத்தான். அச்சகங்களின் பக்க அடுக்கு மென்பொருள்கள் உட்பக்கங்களின் எழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மடிப்புப் பக்கம் நகர்த்தி இதை ஈடுகட்டிக்கொள்ளும்.

இன்னொன்றும் இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். இரண்டு பக்கத்துக்கு நீளும் படத்தையோ, பிரித்துப் போட முடியாத நீளப் பட்டியலையோ 8, 9-இல் மட்டும் வையுங்கள். அங்கேதான் இரண்டு பக்கமும் ஒரே தாளின் ஒரே முகத்தில் சேர்ந்து அச்சாகின்றன. 4, 5-இல் வைத்தால், இடப்பாதி இரண்டாம் தாளின் பின்புறத்திலும் வலப்பாதி மூன்றாம் தாளின் முன்புறத்திலும் தனித்தனியாக அச்சாகி, மடிப்பில் வந்துதான் சந்திக்கும். ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் முகம் இரண்டாகப் பிளந்ததுபோல இருக்கும். வார இதழ்களில் நடுப்பக்கப் படம் என்ற ஒரு வழக்கம் வந்ததில் இந்த வசதிக்கும் பங்கு உண்டு. பின்னைக் கழற்றினால் கிழிக்காமலே முழுப் படத்தையும் எடுத்துச் சுவரில் ஒட்டிவிடலாம்.

பக்கம் கூடினால்

நான்கு தாள் சுலபமாக மடியும். பத்துத் தாள் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். 80 ஜிஎஸ்எம்மில் இருபது தாளைத் தாண்டினால் புத்தகம் மூடாமல் வாய் பிளந்தே நிற்கும், வீட்டு ஸ்டேப்ளர் பின்னும் ஊடுருவாது. அந்த நிலையில் ஒரே கட்டாக மடிப்பதை விட்டுவிட்டு, 16 பக்கம் 16 பக்கமாகச் சிறு கட்டுகளாக மடித்து, முதுகில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துத் தைப்பார்கள் அல்லது ஒட்டுவார்கள். அச்சகப் பேச்சில் இந்த 16 பக்கக் கட்டுக்குப் பாரம் என்று பெயர். புத்தகம் எத்தனை பாரம் என்று கேட்டுத்தான் கூலியே பேசுவார்கள்.

விதி ஒவ்வொரு பாரத்துக்குள்ளும் தனித்தனியாக இயங்கும். 64 பக்கப் புத்தகத்தை நான்கு பாரமாகப் பிரித்தால், இரண்டாம் பாரம் 17-இல் தொடங்கி 32-இல் முடியும். அதன் வெளித்தாளில் 32-ம் 17-ம் அருகருகே இருக்கும், கூட்டுத்தொகை 49. மூன்றாம் பாரத்தில் 33-ம் 48-ம் சேர்ந்து 81. 64-ஐயும் 1-ஐயும் ஒரே தாளில் தேடினால் கிடைக்காது. மென்பொருளில் ஒரு கட்டுக்கு எத்தனை பக்கம் என்று கேட்கும் இடத்தில் 16 என்று கொடுக்க மறந்தால், 64 பக்கத்தையும் ஒரே கட்டாக அடுக்கிக் கொடுத்துவிடும். அச்சான தாளைப் பார்த்ததும் இது தெரியும்: 64-க்குப் பக்கத்தில் 1 நின்றால் பாரமாகப் பிரியவில்லை என்று பொருள்.

பெரிய ஆப்செட் இயந்திரத்தில் ஒரு பாரம் முழுவதும் ஒரே பெரிய தாளில் அடங்கிவிடும். ஒரு முகத்துக்கு எட்டுப் பக்கம். அதை மூன்று முறை மடித்தால் 16 பக்கம். ஒரு செய்தித்தாளை எடுத்து முதலில் குறுக்காக, பிறகு அதற்குக் குறுக்காக, மறுபடி அதற்குக் குறுக்காக மூன்று முறை மடித்து, மூலைகளை விரலால் பிரித்துப் பிரித்து 1 முதல் 16 வரை எழுதிவிட்டு விரித்துப் பாருங்கள். ஒரு முகத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 இருக்கும். மறுமுகத்தில் மீதி எட்டு. இரண்டு வரிசைகளில் ஒன்று மற்றதற்குத் தலைகீழாகத் தெரியும், ஏனென்றால் தாள் மேலிருந்து கீழாகவும் ஒருமுறை மடிக்கப்படுகிறது. முதுகு மடிப்பின் இருபுறமும் இருக்கும் ஜோடிகளைத் தேடுங்கள்: 16-ம் 1-ம், 4-ம் 13-ம், 12-ம் 5-ம், 8-ம் 9-ம். அங்கேயும் 17 தான்.